அறிமுகம் கேட்டு வருகிறவருக்கு "இப்போதைக்கு இல்லை" என்று சொல்வது எப்படி: ஒரு கைத்தறி ஓடரின் கணக்கோடு

நான் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். மருதமுனையில் கைத்தறித் துணி வாங்கி, தலையணை உறையும் மேசை விரிப்பும் தைத்துக் கொடுக்கும் சின்னத் தொழில். கொழும்பில் ஒரு கடைக்குக் கொள்வனவு பார்க்கும் மிஸ் ஒருவரை ஆறு வருடமாகத் தெரியும். அவ்வளவுதான் என்னுடைய செல்வாக்கு. ஆனால் அந்த ஒரு நம்பருக்காக மாதத்துக்கு ஒருவராவது கோல் எடுக்கிறார். "அக்கா, அந்த மிஸ்ஸோட ஒருக்கா கதைச்சு விடுங்க."

இதில் நான் இரண்டு முறை சறுக்கினேன். முதல் முறை, தெரிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை அறிமுகப்படுத்தி வைத்தேன். அவர் கொடுத்த நீலத் துணியின் இரண்டாம் கட்டு முதல் கட்டோடு நிறம் சேரவில்லை, அதுவும் மூன்று கிழமை பிந்தித்தான் போனது. மிஸ் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் அனுப்பிய செய்திக்குப் பதில் வர ஐந்து கிழமை ஆனது. அடுத்த முறை வேறொருவர் கேட்டபோது பயத்தில் "மிஸ் இப்ப புது ஆக்களை எடுக்கிறதில்லை" என்று பொய் சொன்னேன். பதினைந்து நாளில் அந்தக் கடையே பேஸ்புக்கில் நெசவாளர்கள் தேவை என்று போட்டது. அதை எனக்கு அனுப்பி வைத்தவரே அவர்தான், கீழே ஒரு வரியும் எழுதாமல்.

அதற்குப் பிறகு நானாக ஒரு வழிமுறை வைத்துக்கொண்டேன். கடைசியாக வந்த கோரிக்கையை வைத்தே அதைச் சொல்கிறேன். கேட்டவர் மருதமுனையில் தறி வைத்திருக்கும் ஒரு தம்பி. நல்ல பிள்ளை, கை சுத்தம், வேலை தெரிந்தவர். அதனால்தான் "இல்லை" என்று சொல்வது கஷ்டமாக இருந்தது.

1. அன்றைக்கே பதில் போடுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள்

நம் பக்கத்தில் மறுப்பதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: "பார்ப்பம்". சொல்கிறவர் அதை "இல்லை" என்று நினைத்துச் சொல்கிறார், கேட்கிறவர் "ஓம்" என்று எடுத்துக்கொண்டு போகிறார். தம்பிக்கு முன்பு ஒருவருக்கு நான் "பார்ப்பம்" என்று சொல்ல, அவர் கொழும்பு ஓடர் வருகிறது என்று நூல் கடையில் கடனுக்கு நூலே எடுத்துவிட்டார். "சொல்லிப் பார்க்கிறன்" அதைவிட மோசம், ஏனென்றால் அது ஒரு வாக்குறுதி.

பேசாமல் இருப்பதும் சரி வராது. இன்றைக்கு அனுப்பிய செய்திக்கு இரண்டு நீலக் குறி விழுந்தது அவருக்குத் தெரியும். நாலு நாள் போனால் அவர் என்னைப் பற்றி வேறொருவரிடம் கேட்கத் தொடங்குவார், பிறகு அது கல்முனைச் சந்தை வரை போய்த் திரும்பி வரும்.

அதனால் கேட்ட அன்றைக்கே, ஒரு திகதி போட்டுப் பதில் அனுப்புங்கள். தம்பிக்கு நான் அனுப்பியது இது:

"தம்பி, உங்க மெசேஜ் கண்டேன். ஓம் எண்டும் சொல்லேல்ல, இல்லை எண்டும் சொல்லேல்ல. முதல்ல துணியைப் பார்க்கவேணும், சில விஷயம் கேட்கவேணும். அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நானே கோல் எடுத்து முடிவைச் சொல்றன். அதுவரைக்கும் இதை நம்பி ஒண்டும் வாங்கவேணாம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நூலும் சாயமும் வாங்க வைக்கிற தொழிலில் அந்த ஒரு வரியே பலரைக் கடனில் இருந்து காப்பாற்றும். திகதியை ஒன்பது, பத்து நாளுக்கு மேல் தள்ளாதீர்கள். நீண்டால் எதிர்பார்ப்பும் நீளும், மறுக்கும் வாயும் கூசும்.

2. ஆளை எடை போடாதீர்கள், நாலு பொருளைக் கேட்டு வாங்குங்கள்

"இவர் சரிவருவாரா" என்று யோசித்துக்கொண்டே இருந்தால் ஆளின் பேச்சும் ஊரும் குடும்பமும்தான் மனதில் வரும். அதை வைத்து முடிவெடுத்தால் பிறகு காரணம் சொல்லவும் முடியாது. கையில் ஒரு பொருள் இருந்தால்தான் பொருளைப் பற்றிப் பேசலாம். நான் கேட்பவை நாலு.

ஒரே நிறத்தில், இரண்டு வேறு நாட்களில் சாயம் போட்ட இரண்டு துண்டுத் துணி. ஒன்று போதாது. ஒரு துண்டு அழகாக இருப்பது பெரிய காரியமில்லை, அதே நிறத்தைத் திரும்பவும் கொண்டுவர முடியுமா என்பதுதான் கடைக்கு வேண்டியது. ஒரு மீற்றர் துணியின் விலைக் கணக்கு, கடதாசியில். வியாபாரப் பெயர்ப் பதிவின் பிரதியும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கமும். கடைசியாக, இன்றைக்கு ஓடுகிற தறி எத்தனை என்ற எண்ணிக்கை. இருக்கிற தறி எத்தனை என்று கேட்காதீர்கள். தம்பி முதலில் "நாலு தறி அக்கா" என்றார். ஓடுகிறது எத்தனை என்று கேட்டபோது கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு. மத்த ரெண்டுக்கும் நெசவுக்கு ஆள் இல்லை" என்றார்.

துணியை நான் வீட்டிலேயே பரிசோதிக்கிறேன். இரண்டு துண்டிலும் உள்ளங்கை அளவு வெட்டி, ஒவ்வொன்றையும் பழைய வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்து ஊசியால் தைத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் சலவைத் தூள் போட்டு அரை மணித்தியாலம் ஊறவைத்து, கையால் கசக்கி, நிழலில் காயவிடுவேன். பிறகு தையலைப் பிரித்து வெள்ளைத் துணியைப் பார்க்கவேண்டும். ஆய்வுகூடத்தில் இதையே முறைப்படி செய்து 1 முதல் 5 வரை புள்ளி போடுவார்கள், 5 தான் நல்லது. நம் வீட்டில் புள்ளி தெரியாது, ஆனால் வெள்ளையில் நீலம் ஏறியிருந்தால் கண்ணுக்குத் தெரியும். தம்பியின் துணியில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இதை ராத்திரி ட்யூப் லைட்டுக்குக் கீழே பார்க்காதீர்கள். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். காலையில் யன்னலோரம் வைத்துப் பார்த்தேன். ஒன்று நல்ல கடல் நீலம், மற்றது அதில் கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி. தனித்தனியாக வைத்தால் இரண்டுமே அழகு. ஒரே சோபாவில் இரண்டு தலையணையாகப் போட்டால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதற்கெல்லாம் எனக்கு ஆன செலவு மருதமுனைக்குப் போய் வந்த பஸ் காசும், இரண்டு பின்னேரமும். தம்பிக்கு இரண்டு துண்டுத் துணி. துணிக்கு நான் காசு கொடுத்துவிட்டேன், அதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். இலவசமாக வாங்கிய சாம்பிள் கையில் இருந்தால் மறுக்கும்போது வாய் தடுமாறும்.

3. உங்கள் தொடர்பு எப்படி ஓடர் கொடுப்பார் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்

பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை, நானும் முன்பு செய்யவில்லை. அறிமுகம் என்றால் இரண்டு பேரைப் பேச வைப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லபடியாகப் பேசி முடித்தால் அடுத்த நாள் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை அந்த மிஸ் புது ஆளுக்குக் கொடுக்கும் முதல் ஓடர் 250 மீற்றர் அளவில் இருக்கும், 45 நாள் தவணை. முற்பணம் இல்லை. துணி போய்ச் சேர்ந்து 30 நாளில் காசு.

தம்பியிடம் ஓடுவது இரண்டு தறி. ஒரு தறியில் நாளைக்கு 4 மீற்றர் என்று அவரே சொன்னார், ஆகவே இரண்டிலும் 8 மீற்றர். 250 மீற்றர் நெய்ய 31 நாளுக்கு மேல் வேண்டும். வெள்ளிக்கிழமை தறி ஓடாது, அதனால் அது ஐந்து கிழமைக்கு மேல். அதற்கு முன் நூலுக்குச் சாயம் போட்டுக் காயவைத்து, பாவு ஓட்டித் தறியில் ஏற்ற ஒரு கிழமை. கூட்டினால் ஏறக்குறைய 43, 44 நாள். தவணை 45. ஒரு நெசவாளருக்குக் காய்ச்சல் வந்தால் முடிந்தது. தம்பி கேட்டது ஒக்டோபர் கடைசியில். கார்த்திகை, மார்கழியில் நம் பக்கம் மழை எப்படி என்று சொல்லத் தேவையில்லை, சாயம் போட்ட நூல் கொடியில் நாலு நாள் தொங்கினாலும் காயாது.

காசுக் கணக்கு இன்னும் இறுக்கம். அவர் எழுதித் தந்தபடி ஒரு மீற்றருக்கு நூல் 420, சாயம் 80, நெசவுக் கூலி 300, மொத்தம் 800 ரூபா. 250 மீற்றருக்கு 200,000 ரூபா கையில் இருந்து போகவேண்டும். அது திரும்பி வருவது 75ஆம் நாளில், எல்லாம் சரியாக நடந்தால். தம்பியிடம் இருந்தது 60,000. மிச்சம் 140,000க்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் வட்டிக்கு எடுப்பவர் அல்ல. "மச்சானிட்ட கைமாத்து வாங்கலாம்" என்றார். மச்சானின் காசு இரண்டரை மாதம் கொழும்பில் நிற்கும், இடையில் ஒரு கட்டுத் துணி நிறம் சேரவில்லை என்று திரும்பி வந்தால் அந்த வீட்டுப் பெருநாளே கெட்டுப்போகும்.

கடதாசிகளில் ஒரு சிக்கல் இருந்தது, ஆனால் சின்னது. வியாபாரப் பெயர் பிரதேச செயலகத்தில் அவருடைய வாப்பாவின் பெயரில் பதிந்திருந்தது, வங்கிக் கணக்கு தம்பியின் சொந்தப் பெயரில். கொழும்புக் கடை வியாபாரப் பெயருக்குக் காசோலை எழுதினால் இவர் கணக்கில் அது மாறாது. இது திருத்தக்கூடியது, என்னென்ன கடதாசி வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொண்டு போனால் வேலை நடக்கும். இதை மறுப்பதற்குக் காரணமாக எடுக்காதீர்கள். திருத்தச் சொல்லிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

4. "தயாரில்லை"யா, "பொருந்தாது"வா என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இந்த இரண்டையும் கலந்தால் பதில் குழம்பிவிடும். தயாரில்லை என்றால் அவர் எதையோ செய்து முடித்தபிறகு கதவு திறக்கலாம். பொருந்தாது என்றால் அவர் எவ்வளவு முன்னேறினாலும் அந்தக் கடைக்கு அந்தப் பொருள் வேண்டாம், உதாரணமாக சாரம் மட்டுமே நெய்கிறவரை வீட்டு அலங்காரத் துணிக் கடைக்கு அனுப்புவது. பொருந்தாதவரிடம் "கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொன்னால் அவர் ஆறு மாதம் வீணாகக் காத்திருப்பார். தம்பி பொருந்துகிறவர், தயாரில்லாதவர்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: அவரை எனக்குப் போதிய அளவு தெரியாது. அப்படியென்றால் அதையே சொல்லுங்கள். "உங்க வேலையை நான் பார்த்ததில்லை, பார்க்காத வேலைக்கு நான் வாய் கொடுக்கிறதில்லை" என்றால் யாருக்கும் கோபம் வருவதில்லை.

5. சந்தேகம் இருந்தால் பெயர் சொல்லாமல் மறுபக்கத்தைக் கேளுங்கள்

என் கணக்கு பிழையாகவும் இருக்கலாம். மிஸ் சின்ன ஓடரும் கொடுப்பாரோ என்னவோ. அதை நானே தீர்மானித்துத் தம்பியின் வழியை மூடக்கூடாது. அதனால் இப்படி எழுதினேன்: "மிஸ், இரண்டு தறி ஓடுற ஒருத்தர் இருக்கிறார், துணி நல்லம், மாசம் 200 மீற்றர்தான் வரும், நிறம் இன்னும் நிலைக்கேல்ல. இந்த அளவுல யாரையும் பார்க்கிறீங்களா?" பெயர் இல்லை, ஊர் இல்லை, படம் இல்லை. அடுத்த நாளே பதில் வந்தது: ஜனவரிக்குப் பிறகு பார்க்கலாம், நிறம் நிலைத்தால் மட்டும்.

பெயரைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. மிஸ் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், தம்பியின் பெயர் அவர் மனதில் "வேண்டாம் என்று சொன்ன ஆள்" என்று பதிந்திருக்கும். ஒரு வருடம் கழித்து நல்ல துணியோடு போனாலும் அது ஒட்டிக்கொண்டு நிற்கும். நம்பரை முதலில் கொடுத்துவிட்டு "தம்பி ஒருவர் கோல் எடுப்பார்" என்று மிஸ்ஸுக்குப் பிறகு தகவல் சொல்வதும் கூடாது. மறுபக்கத்தின் சம்மதம் கிடைத்தபிறகுதான் நம்பர்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் இப்படிக் கேட்காதீர்கள். வருடத்தில் இரண்டு மூன்று முறைதான் கேட்கிறேன். கூடினால் மிஸ்ஸுக்கு அதுவே தொல்லை.

6. சொல்வது: முதலில் கோல், பிறகு எழுத்து

வெள்ளிக்கிழமை பின்னேரம் சொன்ன நேரத்துக்குக் கோல் எடுத்தேன். மறுப்பை முதலில் எழுத்தில் அனுப்பினால் குரலில் இருக்கும் இரக்கம் போய்விடும், வெறும் "இல்லை" மட்டும் நிற்கும். வொய்ஸ் மெசேஜும் வேண்டாம், அது நாலு பேருக்குப் போட்டுக் காட்டப்படும். ஆள் நாலு பேருக்கு நடுவில் நிற்கும்போதும் சொல்லாதீர்கள். கல்யாண வீட்டில், கடைவாசலில், ஜும்ஆ முடிந்து வரும் கூட்டத்தில் ஒருவரைப் பிடித்து இதைச் சொன்னால் அவருக்கு அது மறுப்பு இல்லை, அவமானம். "இப்ப தனியா கதைக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முடிவை முதல் இரண்டு வசனத்துக்குள் சொல்லிவிடுங்கள். நான் முன்பெல்லாம் புகழ்ச்சியில் தொடங்கி ஐந்து நிமிடம் சுற்றுவேன். கேட்கிறவர் அந்த ஐந்து நிமிடமும் சந்தோஷமாக இருப்பார், பிறகு விழுவார். இந்த முறை எங்கள் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போனது.

"தம்பி, நான் இப்போதைக்கு மிஸ்ஸோட உங்களைக் கதைக்க வைக்கேல்ல. காரணத்தைச் சொல்றன், கேளுங்க."

"...சொல்லுங்க அக்கா."

"துணி நல்லம். சாயம் போகேல்ல, நானே கழுவிப் பார்த்தேன். ஆனா ரெண்டு துண்டும் ஒரே நீலம் இல்லை. யன்னல் வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. அடுத்தது, அவங்கட ஓடர் 250 மீற்றர், 45 நாள். உங்க ரெண்டு தறிக்கு 44 நாள் போகும். காசு 75ஆம் நாள்தான் வரும். மச்சானிட்ட வாங்கவேண்டி வரும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் ராத்திரியும் ஓட்டுவன் அக்கா."

இந்த இடத்தில்தான் நான் முன்பு வழுக்குவேன். "சரி, அப்ப பார்ப்பம்" என்று வாய்க்கு வந்துவிட்டது, விழுங்கினேன். "ராத்திரி ஓட்டினா மீற்றர் கூடும், நீலம் ஒண்டாகாது தம்பி. இந்த ஓடருக்கு என்னால ஓம் எண்டு சொல்லேலாது." இதை ஒருதரம்தான் சொன்னேன், புதுக் காரணம் எதையும் சேர்க்கவில்லை. ஒவ்வொரு புதுக் காரணமும் அவருக்குத் தீர்க்கவேண்டிய ஒரு புதுக் கேள்வி, பேச்சு வாக்குவாதமாகப் போய்விடும்.

கோல் முடிந்து அரை மணித்தியாலத்தில் எழுதி அனுப்பினேன்:

"தம்பி, கதைச்சதைச் சுருக்கமா எழுதுறன். இப்ப அறிமுகம் செய்யேல்ல. மூண்டு விஷயம் சரியானா நானே கதைப்பன்: (1) ஒரே நிறம், ரெண்டு வேறு சாயம், பக்கத்துல வச்சா வித்தியாசம் தெரியாம இருக்கவேணும். (2) மூண்டாவது தறிக்கு ஆள். (3) வியாபாரப் பெயரும் வங்கிக் கணக்கும் ஒரே பெயரில. தைப்பொங்கல் முடிஞ்ச கிழமை துண்டை அனுப்புங்க. அப்பவும் மிஸ்தான் முடிவெடுப்பாங்க, நான் கதைப்பன் எண்டதை மட்டும்தான் சொல்றன். இடையில வேறு கடைக்குக் கொடுக்கிறதெண்டா தாராளமாக் கொடுங்க, எனக்காகக் காத்திருக்கவேணாம்."

எழுத்தில் இருந்தால் ஆறு மாதம் கழித்து "நீங்க அண்டைக்கு வேற சொன்னீங்க" என்ற பேச்சு வராது. நிபந்தனை மூன்றுக்கு மேல் போடாதீர்கள். ஏழு நிபந்தனை போட்டால் அது மறுப்பேதான், மரியாதையான உடுப்புப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சொல்லக்கூடாதவை: "மிஸ் பிஸி", "அவங்களுக்கு நம்ம பக்கத்து ஆக்களைப் பிடிக்காது", "இன்னொருத்தர் ஏற்கனவே கேட்டுட்டார்". எதுவும் உண்மையில்லை, எல்லாம் வெளியே வரும். அதிலும் இரண்டாவது, இல்லாத ஒரு பகையை உங்கள் வாயால் ஊருக்குள் விதைப்பது.

7. பதிலாக ஒன்றைக் கொடுத்தால், அளவோடு கொடுங்கள்

மறுத்த குற்ற உணர்ச்சியில் நாம் அளவுக்கு மீறி வாக்குக் கொடுப்போம். ஒருவருக்கு விலைக் கணக்கு, லேபல், ஆங்கிலக் கடிதம் எல்லாம் செய்து தருகிறேன் என்று சொல்லி, மூன்று மாதம் அவருடைய எழுதுவினைஞராக இருந்தேன். தம்பிக்கு ஒன்றே ஒன்று: 40 மீற்றர் துணியை நானே வாங்கினேன், அதே நீலத்தில், இரண்டு தடவையாகச் சாயம் போட்டு. காசு அன்றைக்கே. அது தர்மம் இல்லை, எனக்கு மேசை விரிப்புக்குத் துணி வேண்டியிருந்தது. வேண்டியிராவிட்டால் வாங்கியிருக்கமாட்டேன்.

8. பெரியவர் ஒருவர் மகனுக்காகக் கேட்டால்

இது தனிச் சிக்கல். மாமா கோல் எடுத்து "என்ட மகனுக்கு ஒருக்கா சொல்லிவிடு மகள்" என்றால், அவருக்கு "இல்லை" என்று சொல்வது அவரையே மறுத்ததாகிவிடும். நான் மாமாவிடம் முடிவு எதுவும் சொல்வதில்லை. "மாமா, தம்பியையே எனக்குக் கோல் எடுக்கச் சொல்லுங்க, தொழில் விஷயம் அவரோடதான் கதைக்கவேணும்" என்பேன். பாதிப் பேர் கோல் எடுப்பதே இல்லை, விருப்பம் மாமாவுக்குத்தான் இருந்திருக்கிறது. கோல் எடுக்கிறவரோடு முதலாம் படியில் இருந்து தொடங்கலாம். முடிவு "இல்லை" என்றால், அதை மாமாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அந்தத் தம்பியிடமே விடுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு மாமாவிடம் துணியின் குறையை விவரித்தால், வீட்டில் அவருக்கு முகம் இருக்காது.

9. உங்களை மீறி அவர் நேரே போய்விட்டால்

போகலாம், அது அவருடைய உரிமை. கடையின் பெயர் பலகையில் இருக்கிறது, நம்பர் பேஸ்புக்கில் இருக்கிறது. கோபப்படாதீர்கள். ஆனால் மிஸ் உங்களிடம் "இவரைத் தெரியுமா?" என்று கேட்பார், அதற்குத் தயாராக இருங்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், திகதியோடு: "ஒக்டோபரில ரெண்டு துண்டு பார்த்தேன், சாயம் போகேல்ல, நிறம் கொஞ்சம் வித்தியாசம், இப்ப எப்படி எண்டு தெரியாது." கேள்விப்பட்டது, குடும்பக் கதை, பழைய கடன், எதுவும் வேண்டாம். அவரிடம் முகத்துக்கு நேரே சொன்னதும் மிஸ்ஸிடம் சொல்வதும் ஒன்றாக இருந்தால் எந்தப் பக்கம் இருந்தும் பயமில்லை.

தம்பி நேரே போகவில்லை. மார்கழியில் அந்த 40 மீற்றர் வந்தது, இரண்டு கட்டு. காலையில் யன்னலோரம் விரித்துப் பார்த்தேன். வித்தியாசம் இன்னும் இருக்கிறது, ஆனால் இப்போது தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். மூன்றாவது தறிக்கு ஆள் கிடைத்துவிட்டாராம், வங்கிக் கணக்கு மட்டும் இன்னும் மாற்றவில்லை. பொங்கல் முடிந்த செவ்வாய்க்கிழமையை என் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.